சர்ப்பம் துள்ளலுக்கு வந்த பையன்
– எம். ரி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' நாவலில் சடங்கும் கதைக்கட்டும்

கூட்டுக் குடும்பத்தைச் சொல்லும் நாவல்களில் திருவிழாவும் கல்யாணமும் நிறைய வரும். அவை அழகுக்காக வருகின்றனவா, கதையைத் தாங்கி நிற்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் தமிழ் ரீச்சர் ஒரு வழி சொன்னார்: "அந்தச் சடங்கை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கதை நின்றால் அது அலங்காரம், விழுந்தால் அது தூண்." அந்தச் சோதனையை 'நாலுகெட்டு' நாவலில் செய்து பார்த்தேன்.

1958இல் மலையாளத்தில் வெளிவந்த இந்த நாவலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தேன். இதை எழுதிய எம். ரி. நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். அவருடைய தகப்பனார் இலங்கையில் தொழில் பார்த்தவர். நமது கேகாலை மாவட்டத்தைத் தாண்டியதும் ஏறும் கடுகண்ணாவையின் பெயரிலேயே அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார்.

நாலுகெட்டு என்பது நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டாக எழும்பிய பெரிய வீடு. அதில் வாழும் நாயர் குடும்பம் தாய்வழிக் குடும்பம். சொத்து தாய்வழியில் இறங்கும், அதிகாரம் மட்டும் மூத்த தாய்மாமனிடம் இருக்கும். கிழக்கிலங்கையின் தாய்வழிக் குடிமுறையை அறிந்தவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும்.

இந்த முறைப்படி, அந்த வீட்டுப் பெண் பாருக்குட்டியின் மகன் அப்புண்ணிக்கு அங்கே முழு உரிமை உண்டு. ஆனால் பாருக்குட்டி குடும்பத்தின் சம்மதமின்றி கோந்துண்ணி நாயரோடு போனவள். பெண்ணுக்குப் புடவை கொடுக்கும் புடமுறிச் சடங்கு பெரியவர்கள் முன்னிலையில் நடக்கவேயில்லை. ஆகவே கதையின் முதல் தூண், நடக்காமல் போன ஒரு சடங்கு. தகப்பன் இறந்தபின் தாயும் மகனும் தனியே வறுமையில் வாழ்வதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது தூண் சர்ப்பம் துள்ளல். அரிசிமா, மஞ்சள், உமிக்கரி, பச்சிலைத் தூள் ஆகியவற்றால் தரையில் பாம்புருவக் களம் எழுதுவார்கள். புள்ளுவர்கள் வீணையும் குடமும் இசைத்துப் பாடுவார்கள். கமுகம்பூக் குலையைப் பிடித்திருக்கும் கன்னிப்பெண்கள் ஆவேசம் வந்து ஆடி, கூந்தலாலேயே களத்தை அழிப்பார்கள். இது வீட்டின் நன்மைக்காகக் குடும்பத்தார் எல்லோரும் கூடும் நாள். அந்தக் கூட்டத்தில்தான் அப்புண்ணி முதன்முதலாகத் தன் தாய்வீட்டுக்குள் காலடி வைக்கிறான். பாட்டி அவனை அறிந்து அணைக்கிறாள். பெரிய மாமன் அவனைத் துரத்திவிடுகிறார்.

இங்கே ரீச்சரின் சோதனையை வைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் அந்த வாசலை அவன் மிதித்திருக்க முடியாது. சடங்கு நாளில் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எல்லோரும் கூடும்போதுதான் யார் கணக்கில் இல்லை என்பதும் வெளியே தெரிகிறது. சடங்கை எடுத்துவிட்டால் அவன் உள்ளே வரவும் வழியில்லை, அவமானப்பட்டுத் திரும்பவும் வழியில்லை.

எங்கள் வீட்டிலும் பெருநாளன்று சஹனைச் சுற்றி உட்காரும்போதுதான், அந்த வருடம் கோபித்துக்கொண்டு வராமலிருந்த சாச்சாவின் இடம் என் கண்ணில் பட்டது. மற்ற நாட்களில் நான் அதை நினைத்ததேயில்லை.

மூன்றாவது தூண் பாகப்பிரிவினை. மலபாரில் 1933ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட குடும்பங்கள் சொத்தைப் பிரிக்க வழிவிட்டது. நாவலிலும் வீடு துண்டாகிறது. இதற்குக் களமும் இல்லை, பாட்டும் இல்லை, பத்திரம் மட்டுமே. கூட்டுவதற்குச் சடங்கு இருந்தது, பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு அப்புண்ணி வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கைகொடுப்பவர் செய்தாலிக்குட்டி. அவன் தகப்பனுக்கு நஞ்சு கொடுத்தவர் என்று ஊரார் பேசிய முஸ்லிம் அவர். சின்ன வயதில் அவரைப் பழிவாங்கத் துடித்தவன், சொந்த மாமன் தராத அன்பை அவரிடமிருந்தே பெறுகிறான். பணத்தோடு திரும்பி அந்த நாலுகெட்டையே விலைக்கு வாங்கி, தாயை அழைத்து வருகிறான். பின்னர், இதை இடித்துவிட்டு வெளிச்சமும் காற்றும் வரும் சின்ன வீடு கட்டலாம் என்கிறான்.

ஒரு பையன் பணக்காரனான கதையாக மட்டும் வாசித்தால் இந்த முடிவு நமக்குத் திமிராகத் தோன்றலாம். சர்ப்பம் துள்ளல் அன்று துரத்தப்பட்டவனை நினைவில் வைத்தால், இந்த முடிவு அந்த நாளுக்கான பதில் என்று விளங்கும்.

பரீட்சையில் இத்தகைய வினா வந்தால் சடங்குகளை வரிசையாக எழுதுவது போதாது. ஒவ்வொரு சடங்கிலும் யார் வந்தார், யார் வரவில்லை, அதன்பின் என்ன மாறியது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதற்கு விடை கிடைக்காவிட்டால் அது அலங்காரமே.