கட்டுரையைச் சுருக்கினால் எதை விடக்கூடாது?

கேள்வி: நீண்ட ஆய்வுக் கட்டுரைகளை மேலாளருக்கு அரைப் பக்கத்தில் சுருக்கித் தரவேண்டிய வேலை எனக்கு. எதை வைப்பது, எதை விடுவது?
– ஒரு வாசகி, நாயுடுபேட்டை

பதில்: 1959-இல் வெளிவந்த சென்னைக் காசநோய் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டுச் சிகிச்சையும் நல்ல பலன் தந்தது.

“வீட்டிலேயே குணப்படுத்தலாம்” என்று எழுதி நிறுத்தினால் மேலாளர் தவறான முடிவெடுப்பார். வீட்டில் இருந்தவர்கள் வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். அந்தக் கண்காணிப்பு இருந்ததால் கிடைத்த பலன் அது.

ஆகவே முதல் வரியில் முடிவு. இரண்டாவதில் யாரிடம், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம். மூன்றாவதில் எந்த நிபந்தனையில் அந்த முடிவு நிற்கிறது. கடைசியில், நம் இடத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்பது. முந்தைய ஆய்வுகளின் வரலாற்றையும் புள்ளியியல் முறை விளக்கத்தையும் விட்டுவிடலாம்.

கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்து எழுதாதீர்கள். நிபந்தனைகள் பெரும்பாலும் செய்முறைப் பகுதியில்தான் இருக்கும். எழுதியபின், “இதை நம்பி நாளை பணம் ஒதுக்கினால் எது தவறலாம்?” என்று கேளுங்கள். பதில் உங்கள் குறிப்பில் இல்லையென்றால், அதைச் சேர்த்துவிட்டே அனுப்புங்கள்.