'புழு அடிச்சும் சாகல': ஒரு கேள்விக்கு நான்கு வீடியோ

பெரம்பலூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை என்னுடையது. ஆவணி, புரட்டாசியில் மானாவாரி மக்காச்சோளம் விதைத்து ஒரு மாதத்துக்குள் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். குன்னம், வேப்பந்தட்டை பக்கமிருந்து ஓட்டை விழுந்த இலைப் படமும், வண்டிச் சத்தத்துக்கு நடுவே பேசிய குரல் பதிவும் வரும். 2018-ல் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் நுழைந்த பிறகு பாதிக் கேள்வி அந்தப் புழுவைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து சலித்துத்தான் சின்ன வீடியோக்களாக எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன்.

முதலில் கேள்வியைச் சேகரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் உரையாடலுக்கு லேபிள் ஒட்டலாம். நான் பயிர்வாரியாக ஒட்டுகிறேன். அதோடு கடையில் ஒரு நோட்டும் உண்டு. கேள்வியைக் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதுவேன். 'படைப்புழு மேலாண்மை' என்று யாரும் கேட்பதில்லை. 'அண்ணே, புழு அடிச்சும் சாகல, வேற மருந்து குடுங்க' என்றுதான் கேட்கிறார்கள். அந்த வாக்கியம்தான் வீடியோவின் முதல் வாக்கியம். கேட்டவர் காதில் தன் கேள்வி விழுந்தால்தான் மேற்கொண்டு பார்ப்பார்.

கேள்விக்குப் பக்கத்தில், அவரிடம் நான் திருப்பிக் கேட்டதையும் எழுதி வைப்பேன். உண்மையில் பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரு உரையாடலைச் சொல்கிறேன்.

'எத்தன நாள் பயிருண்ணே?'

'நாப்பது நாள் இருக்கும் தம்பி.'

'எப்ப அடிச்சீங்க?'

'மத்தியானம், வேலை முடிஞ்சதும்.'

'குருத்துக்குள்ள மரத்தூள் மாதிரி அடைச்சிருக்கா?'

'ஆமா, நிறைய இருக்கு.'

'டேங்குக்கு எவ்வளவு போட்டீங்க?'

'ஒரு மூடி.'

இதில் நான்கு வீடியோ இருக்கிறது. நான்கையும் ஒன்றாக்கி ஐந்து நிமிடத்துக்கு எடுத்தால் யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை. அளவு சொல்கிற இடம் வருவதற்குள் வரப்பிலிருந்து எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஒன்றுக்கு ஒரு பதில், முக்கால் நிமிடம்.

முதல் வீடியோ, இது படைப்புழுதானா என்பது. உள்ளங்கையில் புழுவை வைத்து, தலையில் தலைகீழான Y போன்ற வெள்ளைக் கோட்டையும், வால் பக்கம் சதுரமாக இருக்கும் நான்கு கரும்புள்ளியையும் காட்டினேன். இரண்டாவது, ஏன் சாகவில்லை என்பது. இதைக் கத்தரித்துக் காட்டியே ஆக வேண்டும். ஒரு செடியின் குருத்தை நீளவாக்கில் பிளந்தால் ஈரக் கழிவு அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே பெரிய புழு சொகுசாக இருக்கும். மேலே இலையில் அடித்த மருந்து அங்கே போவதே இல்லை. மருந்து மோசமில்லை, புழு முற்றிவிட்டது, மருந்து அதன் மேல் படவில்லை என்பது வாய்ச்சொல் இல்லாமலே விளங்கும். மூன்றாவது, நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, காலையிலோ மாலையிலோ அடிக்கிற விதம். பதினைந்து, இருபது நாள் பயிரிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டேன்.

நான்காவது அளவு. அதிகம் கேட்கப்படுவதும் அதிக ஆபத்தானதும் இதுதான். எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதக் குருணை என்றால் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை லிட்டருக்கு 0.4 கிராம். 'லிட்டருக்கு' என்று சொன்னால் வயலில் நிற்பவருக்குக் கணக்கு இடிக்கும். அவர் கையில் இருப்பது டேங்க். பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம், பதினாறு லிட்டர் பேட்டரி டேங்குக்கு ஏறத்தாழ ஆறரை கிராம், 100 கிராம் பாக்கெட் பத்து லிட்டர் டேங்குக்கு இருபத்தைந்து தடவை என்று சொன்னேன். எண்ணை இரண்டு முறை வாயால் சொல்லி, பெரிய எழுத்தில் திரையிலும் போட்டேன். படிக்காதவருக்கு ஒன்று, ஸ்பிரேயர் சத்தத்தில் கேட்காதவருக்கு ஒன்று.

இதே மருந்து 1.9 சதவீதத் திரவமாகவும் வருகிறது. ஐந்து சதவீதத்துக்குச் சொன்ன அளவை அதற்குப் போட்டால் தப்பாகும். ஆகவே அளவு சொல்கிற எந்த வீடியோவிலும் பாக்கெட்டின் பின்புறத்தைக் காமிரா முன் வைத்து, சதவீதம் அச்சிட்ட இடத்தில் விரல் வைத்துக் காட்டுவேன். 'உங்க பாக்கெட்ல வேற நம்பர் இருந்தா இந்த அளவு வேண்டாம், எனக்குப் படம் அனுப்புங்க' என்று முடிப்பேன்.

அனுப்பும் விதத்திலும் இதற்காகவே ஒரு வேறுபாடு வைத்திருக்கிறேன். புழுவை அடையாளம் காட்டுகிற வீடியோவை நேரடியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எத்தனை குழுவுக்குப் போனாலும் கெடுதல் இல்லை. அளவு சொல்கிற வீடியோவை மட்டும் யூடியூபில் போட்டு இணைப்பை அனுப்புவேன். வாட்ஸ்அப்பில் போன வீடியோவை என்னால் திரும்ப வாங்க முடியாது. மூன்று வருடம் கழித்தும் யாரோ ஒருவர் முன்னனுப்பிக்கொண்டிருப்பார். பரிந்துரை மாறினால் யூடியூபில் இருப்பதை நீக்கிவிடலாம், பழைய இணைப்பு எங்கே இருந்தாலும் திறக்காது. வாட்ஸ்அப் பிசினஸின் விரைவுப் பதிலில் `/tank` என்று சுருக்கம் வைத்திருப்பதால், கடையில் கூட்டம் இருக்கும்போதும் இணைப்பு ஒரு தட்டலில் போய்விடும். நீளமாக எழுதிய விளக்கத்தைவிட இது வேகம்.

எடுப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் திறந்தவெளி, காற்று மைக்கில் இரைந்துகொண்டே இருக்கும்; சட்டையில் குத்துகிற, பஞ்சு உறை போட்ட சின்ன மைக் மட்டும் கட்டாயம். புழுவைக் காட்டும்போது திரையில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காமிரா பின்னால் இருக்கிற இலைக்குத் தாவிவிடும். கேட்டவரின் பெயர், எண், குரல் பதிவு எதையும் வீடியோவில் சேர்ப்பதில்லை. கேள்வியை நானே சொல்வேன்.

பயிரின் பெயரை முதல் ஐந்து நொடிக்குள் சொல்லிவிடுவது அரியலூர் மாவட்டக் கேள்விகளால் வந்த பழக்கம். தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையில் நெல் போட்டவர்களும் 'குருத்து போகுது' என்றே எழுதுவார்கள். அங்கே அது தண்டுக்குள் போகிற குருத்துப்பூச்சி. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். மக்காச்சோள வீடியோ அவர்கள் கைக்குப் போனால் தப்பான மருந்து வாங்கிவிடுவார்கள். எனவே ஒவ்வொன்றிலும் 'இது மக்காச்சோளத்துக்கு மட்டும்' என்பதோடு பயிரின் வயதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ வேலை செய்ததா என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதிலிருந்து அறிய முடியாது. பார்த்துவிட்டு அடுத்து என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கிறேன். அளவு வீடியோவுக்குப் பிறகும் 'எவ்வளவு போடணும்' என்று வந்தால் நான் சொன்ன விதம் தெளிவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். 'போன தடவையும் இதையே அடிச்சேன், மறுபடியும் இதுவேவா?' என்று வந்தால் புரிந்திருக்கிறது. அந்தக் கேள்விதான் ஐந்தாவது வீடியோ ஆயிற்று: ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்காமல் வேறு வகைக்கு மாறுவது பற்றி.

சில கேள்விகளுக்கு வீடியோவே கூடாது. செடி மொத்தமாக மஞ்சளாகி நிற்கிற ஒற்றைப் படம் வந்தால் சத்துக் குறையா, வேரழுகலா, களைக்கொல்லிச் சேதமா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர்களைச் செடியை வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு வாலிகண்டபுரத்தில் இருக்கிற ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையத்துக்கோ, அரியலூர்க்காரர் என்றால் சோழமாதேவியில் இருக்கிற கிரீடு மையத்துக்கோ போகச் சொல்லிவிடுவேன். மருந்து அடித்துவிட்டுத் தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று வந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உடனே போன் போட்டு, மருந்து பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்வேன்.