கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வரும்போது வெயில் இருக்காது

தோவாளைப் பக்கத்துக் குளம் ஒன்றின் மடையருகே நீர்மட்டம் அளக்கும் கருவி வைத்திருக்கிறேன். ஈஎஸ்பி32 சிப், லோரா ரேடியோ, அல்ட்ராசோனிக் சென்சார், 1 வாட் சோலார் பேனல், 2,600 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்று, அவ்வளவுதான். கால் மணிக்கொரு தரம் விழித்து அளந்து, உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில் ஒரு மாடி வீட்டு கேட்வேக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும்.

நம்மூர்ச் சிக்கல் ஜூனில் தொடங்கும். கன்னிப்பூவுக்குப் பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் நேரமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்று. குளத்தைப் பார்க்க ஆள் தேடும் நாட்களில்தான் பேனலுக்கு வேலை குறைவு. உடனே பலரும் பெரிய பேனல் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது அதுவல்ல, தூங்கும்போது கருவி எவ்வளவு குடிக்கிறது என்பதுதான்.

விழித்திருப்பது ஒவ்வொரு தரமும் மூன்று விநாடி, சராசரி 60 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். நாளுக்கு 96 தரம் விழித்தாலும் 5 மில்லிஆம்பியர்-மணிதான் ஆகும். தூக்கத்தில்தான் ஓட்டை. கடையில் கிடைக்கும் போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். ரேடியோவைத் தூங்கச் சொல்லாவிட்டால் இன்னும் ஒன்றரை. இப்படியே விட்டால் நாளுக்கு 160க்கு மேல் போய், வெயிலில்லாமல் இரண்டு வாரத்தில் செல் காலி. ரெகுலேட்டரை எம்சிபி1700 போன்ற சிக்கனமானதாக மாற்றி, சென்சாரின் மின்சாரத்தை மாஸ்ஃபெட்டால் துண்டித்து, ரேடியோவையும் உறங்க வைத்தால் தூக்கச் செலவு 50 மைக்ரோஆம்பியருக்கு இறங்கும். அப்போது நாளுக்கு மொத்தமே 6 சொச்சம். கணக்கு ஒரு வருடம் என்கிறது. பாதியை நம்பினாலும் மழைக்காலம் தாண்டிவிடும்.

```
LoRa.sleep();
esp_sleep_enable_timer_wakeup(900ULL * 1000000ULL);
esp_deep_sleep_start();
```

தூக்கச் செலவை மல்டிமீட்டரில் சோதிக்க ஒரு சூட்சுமம் உண்டு. மைக்ரோஆம்பியர் நிலையில் மீட்டரே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் விழுங்குவதால், போர்டு விழிக்கும்போது திணறி மறுபடி மறுபடி ரீசெட் ஆகும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டு போர்டை இயக்குங்கள். அது தூங்கியதும் ஒயரை எடுத்து அளவைப் பாருங்கள்.

பேனலைத் தெற்கே நன்றாகச் சாய்க்கச் சொல்வார்கள். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். 10 டிகிரிக்கு மேல் சாய்க்காதீர்கள். நீர்க்காகத்தின் எச்சம் மழையில் கழுவிப்போக அந்தச் சாய்வு போதும்.

தூக்கத்தில் 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டும் கருவியைக் குளக்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். மேசையிலேயே அதைச் சரிசெய்துவிடுங்கள்.