காயத்தை எழுதிய தாள்

இடுக்கி மாவட்டத்தில் நெடுங்கண்டம் என்ற ஊர் இருக்கிறது. சாந்தன்பாறையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்த ஊர்தான். உடும்பன்சோலை தாலுகாவின் தலைமை இடம் அது.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே ஒரு வழக்கு வந்தது. கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் வாங்கி ஏமாற்றினார் என்று ராஜ்குமார் என்பவர் மீது புகார். ஜூன் 12ஆம் தேதி போலீசார் அவரைப் பிடித்தார்கள். ஆனால் கைது செய்ததாகக் காகிதத்தில் எழுதியது ஜூன் 15ஆம் தேதி. பிறகு அவரைப் பீர்மேடு சப் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஜூன் 21ஆம் தேதி அவர் இறந்து போனார்.

பிடித்தது 12. எழுதியது 15. நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் உடம்பு எப்படி இருந்தது? அதைப் பார்த்து எழுதிய தாள் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு தாள் ஏன் வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவரைக் கைது செய்தால், உடனே அரசு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அரசு மருத்துவர் இல்லை என்றால், பதிவு பெற்ற வேறு மருத்துவர் பார்க்கலாம். பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர் பார்க்க வேண்டும். அல்லது பெண் மருத்துவரின் மேற்பார்வையில் பார்க்க வேண்டும்.

கைதானவர் கேட்டால்தான் பரிசோதனை என்று முன்பு இருந்தது. இப்போது அப்படி இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 53ஆம் பிரிவு. அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் மூன்று காரியம் செய்ய வேண்டும். உடம்பில் காயமோ, அடித்த தடமோ இருந்தால் எழுத வேண்டும். அது ஏறக்குறைய எப்போது பட்டது என்றும் எழுத வேண்டும். எழுதியதில் ஒரு நகலைக் கைதானவரிடமோ, அவர் சொல்லும் ஆளிடமோ கொடுக்க வேண்டும். மூன்றாவது காரியம்தான் பல இடங்களில் விட்டுப்போகிறது. நகல் நமக்கு உரியது என்பதே பலருக்குத் தெரியாது.

மருத்துவரின் அறையில்

ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரை வைத்துப் பார்ப்போம். சம்பளத் தகராறில் கைகலப்பு. திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவரைப் போலீசார் கூட்டிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பேசுவது தமிழ். மருத்துவர் பேசுவது மலையாளம். எழுதுவது ஆங்கிலம்.

"உடம்பில் எங்கேயாவது வலிக்கிறதா?" என்று கேட்கிறார் மருத்துவர்.

தொழிலாளி பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரைப் பார்க்கிறார். "ஒன்றும் இல்லை சார்" என்கிறார்.

மருத்துவர் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டார். போலீஸ்காரரைக் கதவுப் பக்கம் போய் நிற்கச் சொல்கிறார். பிறகு மறுபடியும் கேட்கிறார்.

"சட்டையைக் கழற்றுங்கள். பயப்படாமல் சொல்லுங்கள். என்ன நடந்தது?"

"ராத்திரி அடித்தார்கள் சார். முதுகில் கம்பால். காலிலும் வலி."

"முழங்கையில் இருக்கிறதே, இது?"

"அது நாலு நாளைக்கு முன்னால் தோட்டத்தில் வழுக்கி விழுந்தது சார்."

போலீஸ்காரர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது எளிதான கேள்வி இல்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் கொட்டாரக்கரை மருத்துவமனையில், போலீசார் சிகிச்சைக்குக் கூட்டி வந்த ஒருவர் வந்தனா தாஸ் என்ற இளம் மருத்துவரைக் குத்திக் கொன்றார். மருத்துவரின் உயிருக்கும் காவல் வேண்டும். அதனால் போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்பது நல்லது. பேச்சு காதில் விழும் தூரத்தில் நின்றால், அடிபட்டவர் வாய் திறக்க மாட்டார்.

இப்போது மருத்துவர் எழுதுகிறார். "முதுகில் அடி" என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. முதுகின் எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் நீளம், எத்தனை அகலம், என்ன நிறம், தோல் கிழிந்ததா, கன்றிப்போனதா என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். கம்பால் அடித்தால் சில சமயம் இரண்டு சிவந்த கோடுகள் பக்கம் பக்கமாகத் தெரியும். நடுவில் தோல் வெளுத்திருக்கும். கீழே விழுந்தவருக்கு அப்படித் தடம் விழாது. அதனால்தான் காயத்தின் வடிவத்தையும் எழுத வேண்டும். காயம் எப்படி வந்தது என்று கைதானவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும்.

முழங்கைக் காயத்தையும் மருத்துவர் எழுதுகிறார். அது பழைய சிராய்ப்பு. பக்குக் கட்டிக் காய்ந்திருக்கிறது. முதுகில் இருப்பதோ புதிய காயம். சிவப்பும் நீலமுமாக வீங்கியிருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு காலத்துக் காயம்.

ஊமைக் காயம் முதலில் சிவப்பாக இருக்கும். பிறகு நீலமாகும், கறுக்கும். சில நாள் போனால் பச்சை கலக்கும். அதன் பிறகு மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து, இன்ன நாளில் அடித்தது என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள், தோலுக்குத் தோல் அது மாறும். அதனால்தான் சட்டமும் "ஏறக்குறைய" என்று சொல்கிறது. ஒன்று மட்டும் உறுதி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆழத்தில் பட்ட அடி உடனே வெளியே தெரியாது. இரத்தம் மெல்ல மேலே வந்து, மறுநாள்தான் தோல் கறுக்கும். உள்ளங்காலில் அடித்தால் தடம் தெரிவது இன்னும் கடினம். தொட்டால் வலிக்கும், நடக்க முடியாது, அவ்வளவுதான். அப்போது "காயம் இல்லை" என்று எழுதிவிட்டால் தவறாகிவிடும். "வலி இருப்பதாகச் சொல்கிறார், தொட்டால் நோகிறது, நொண்டி நடக்கிறார்" என்று எழுத வேண்டும். தேவை என்றால் மருத்துவர் மறுபடியும் ஒருமுறை பரிசோதிக்கலாம் என்று 53ஆம் பிரிவிலேயே இருக்கிறது. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

இங்கே ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். "இவரைச் சிறைக்கு அனுப்பலாம்" என்று தரும் சான்று வேறு. காயங்களை ஒவ்வொன்றாக எழுதிய தாள் வேறு. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரையும் போலீசார் பிடித்தார்கள். சிறைக்கு அனுப்பும் முன் மருத்துவரிடம் காட்டினார்கள். அனுப்பலாம் என்று சான்றும் கிடைத்தது. சில நாளில் இருவரும் இறந்தார்கள். சான்று இருந்தது என்பதால் உடம்பில் காயம் இல்லை என்று ஆகிவிடாது.

அந்தத் தாள் பிறகு என்ன செய்யும்?

நம் தொழிலாளியின் வழக்கு ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகில் இப்போது தடம் இல்லை. "போலீசார் அடித்தார்கள்" என்கிறார் அவர். "பிடிக்கும் முன்பே சண்டையில் பட்ட அடி அது" என்கிறது எதிர்த் தரப்பு. சொல்லுக்குச் சொல்.

அப்போது அந்தத் தாளை எடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. முதுகில் புதிய காயம், ஒரு நாளுக்குள் பட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை ஆறு மணி முதல் அவர் போலீஸ் காவலில் இருந்தார். ஆனால் கைகலப்பும் அதே திங்கட்கிழமைதான். அந்தத் தாள் ஒன்றே போதாது என்று இங்கே தெரிகிறது. பிடிக்கும்போது முதுகில் காயம் இருந்ததா? அதற்குத்தான் டி.கே. பாசு தீர்ப்பு வேறு ஒரு தாளையும் சொன்னது. பிடிக்கும்போதே கைதானவர் கேட்டால், உடம்பைப் பார்த்து, சிறிய காயம் பெரிய காயம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கைதானவரும் போலீஸ் அதிகாரியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் நகல் உண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் நடந்தது தெரியும்.

இது போலீசாருக்கும் பாதுகாப்புதான். முழங்கைக் காயம் பழையது என்று எழுதியிருப்பதால், அதைப் போலீசார் மேல் யாரும் போட முடியாது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். பயணத்துக்கு ஆகும் நேரம் அதில் சேராது. "போலீசார் உங்களைத் துன்புறுத்தினார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். 1983ஆம் ஆண்டு ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறது. மருத்துவரிடம் சொல்ல முடியாமல் போனதை அங்கே சொல்லலாம். சொன்னதை எழுதும்படி கேட்கலாம். எந்த நாள், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நெடுங்கண்டம் வழக்கில் மறைந்துபோனது அந்தத் தேதிதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. கணவரைக் கூட்டிப்போன நேரத்தை மனைவி ஒரு காகிதத்தில் எழுதி வைக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே போதும். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எந்தத் தேதி என்று கேட்டுக் குறிக்கலாம். நகல் ஆங்கிலத்தில் இருந்தால், வக்கீலிடமோ, இலவசச் சட்ட உதவி மையத்திலோ படித்துக் காட்டச் சொல்லலாம்.

ராஜ்குமாரின் உடல் முதலில் பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டபோது, நிமோனியா காய்ச்சல்தான் சாவுக்குக் காரணம் என்று எழுதப்பட்டது. கேரள அரசு, நீதிபதி நாராயணக் குறுப்பு தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. 2019 ஜூலை மாதம், புதைத்து ஒரு மாதம் ஆன பிறகு, உடலைத் தோண்டி எடுத்து இரண்டாம் முறை பரிசோதித்தார்கள். முதல் முறை எழுதாமல் விட்ட காயங்கள் அப்போது தெரிந்தன. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. சாவுக்குக் காரணம் காவலில் நடந்த சித்திரவதையே என்று கமிஷன் சொன்னது.

கைதானவர்களை மருத்துவர்கள் எப்படிப் பரிசோதித்து எழுத வேண்டும் என்று கேரள அரசு 2022ஆம் ஆண்டு விதிமுறை வெளியிட்டது. நெடுங்கண்டம் வழக்குக்குப் பிறகு வந்தது அது. ராஜ்குமார் உயிரோடு இருந்தபோது ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டியதை, மண்ணைத் தோண்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.