மில்லுக்குப் போன நெல் முழுசா வந்ததா?



நாகை பக்கம் நம் குழுக்கள் பல, நெல் வாங்கி, மில்லில் கொடுத்து அரைத்து, புழுங்கல் அரிசியாக விற்கின்றன. அரிசி குறைந்து வந்தால் முதலில் மில்காரரையும், அடுத்து நெல்லோடு போன ஊக்குநரையும் சந்தேகப்படுகிறோம். கணக்குப் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரு குழு 500 கிலோ நெல் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இது சாக்கு எடை கழித்த நிகர எடை. அரசு நெல்லை அரைக்கும் மில்கள் 100 கிலோவுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி தர வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் 340 கிலோ வர வேண்டும். வந்ததோ அரிசி 310, நொய் 18, ஆக 328 கிலோதான். மீதி 12 கிலோ எங்கே போச்சு?

நெல்லின் ஈரப்பதத்தைப் பாருங்கள். கொடுத்தபோது 17 சதவீதம் இருந்தது. மில்லில் ஊறவைத்து, அவித்து, 14 சதவீதத்துக்குக் காயவைத்துத்தான் அரைப்பார்கள். இதில் 17 கிலோ தண்ணீராகவே போய்விடும். மிச்சம் 483 கிலோ காய்ந்த நெல். அதில் 68 சதவீதம் என்றால் 328 கிலோ. ஆக, அரிசி சரியாகவே வந்திருக்கிறது.

இதோடு நிறுத்தாமல் கழிவையும் சேருங்கள். தவிடு 39 கிலோ, உமி 103 கிலோ. அரிசி, நொய்யோடு சேர்த்தால் 470. தண்ணீர் 17. மீதி 13 கிலோ பதர், கல், தூசி. கணக்கு 500-ல் முடிந்துவிட்டது.

முடியாவிட்டால் எது குறைந்தது, எது கூடியது என்று பாருங்கள். அரிசி குறைந்து தவிடு கூடியிருந்தால் பாலிஷ் அதிகம் போட்டிருக்கிறார்கள். முழு அரிசி குறைந்து நொய் கூடியிருந்தால், பெரும்பாலும் அவித்த நெல்லை வெயிலில் அவசரமாகக் காயவைத்ததில் வெடித்திருக்கும். எல்லாமே குறைந்து ஈரத்தாலும் கணக்கு சரியாகவில்லை என்றால், ஒன்று தராசில் பிழை, இல்லையேல் மூட்டை குறைந்திருக்கிறது. அப்போதுதான் மில்காரரிடம் கேட்க வேண்டும்.

உமியை மில்லிலேயே விட்டுவந்தாலும், தவிட்டைக் கூலிக்குக் கழித்தாலும், எடை போட்டு எழுதுங்கள். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்தே விழும். அங்கே இரண்டையும் சேர்த்து ஒரே எடையாக எழுதினால் போதும். ஆனால் அங்கே அரிசி கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். 68-ஐ எதிர்பார்க்காதீர்கள்.

குழு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கொடுத்த தேதி, மூட்டை எண்ணிக்கை, நிகர எடை, ஈரப்பதம் எழுதி, அன்றே மில்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். எதிர்ப்பக்கத்தில் அரிசி, நொய், தவிடு, உமி, திரும்பிய காலிச் சாக்கு என்று எழுதுங்கள். ஈரம் பார்க்கும் கருவி இல்லையென்றால், கொடுத்த நெல்லில் ஒரு படியை எடை போட்டு நன்றாகக் காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் ஏறக்குறைய காயவைப்பதில் போகும் தண்ணீர்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு, பிறகு அரவைக் கூலியைக் கொடுங்கள்.