சைனஸ் சி.டி. படம்: நீர்மட்டத்தை முதலில் தேடுங்கள், தண்டு வளைவைக் கடைசியில் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் வெல்டிங் ஷாப்பில் வேலை பார்க்கும் 29 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சளி பிடித்து ஆறாவது நாள். வலது கன்னத்தில் பாரம், குனிந்தால் வலி. சி.டி. எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் மூன்று செய்திகள்: வலது கன்ன சைனஸில் நீர்மட்டம், அதன் வாய்ப்பகுதியில் அடைப்பு, மூக்குத் தண்டு இடது பக்கம் வளைவு. வீட்டில் எல்லோரும் மூன்றாவதையே பிடித்துக்கொள்கிறார்கள்: “தண்டு வளைஞ்சிருக்காம், ஆபரேஷன்தானாம்.” டாக்டரைப் பார்க்கும் முன் இந்தப் படத்தை அவர் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் படம் முழுதாகக் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை போட்டோ போதாது. ஏன் என்பது சற்றுப் பின்னால் புரியும். ஸ்கேன் சென்டரில் குறுந்தகட்டையோ பென் டிரைவ் பதிவையோ கேட்டு வாங்குங்கள். அதில் DICOMDIR என்ற கோப்பும், பெரும்பாலும் படத்தைத் திறக்கும் சிறு மென்பொருளும் இருக்கும். திறந்ததும் பெயரையும் தேதியையும் சரிபாருங்கள். பிறகு R, L என்ற எழுத்துகளைத் தேடுங்கள். படத்தில் இருப்பவர் நமக்கு எதிரே நிற்பதாகக் கொள்வதுதான் வழக்கம். ஆகவே அவருடைய வலது பக்கம் நம் இடது கைப்பக்கம் தெரியும். இங்கே தவறினால் பிறகு பார்ப்பது எல்லாமே பக்கம் மாறிவிடும்.

காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். சளி, நீர், வீங்கிய சவ்வு எல்லாம் சாம்பல் நிறம். நல்ல சைனஸ் மெல்லிய வெள்ளைக் கோட்டுக்குள் முழுக் கறுப்பாக இருக்கும். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் இருந்தால் அது எப்படிப்பட்ட சாம்பல் என்பதுதான் அடுத்த கேள்வி. சுவரை ஒட்டியே ஓடினால் சவ்வு தடித்திருக்கிறது. அடியிலிருந்து குமிழ்போல் வளைந்து எழுந்தால் பெரும்பாலும் நீர்க்கட்டி. பலருக்கு அது எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும். மேல் கறுப்பு, கீழ் சாம்பல், நடுவே ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்க்கோடு என்றால் அதுதான் நீர்மட்டம்.

இந்த நேர்க்கோட்டை எந்தப் படத்தில் தேடுகிறோம் என்பது முக்கியம். ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். படுக்கவைத்த பாட்டிலில் தண்ணீர் நீளவாக்கில் பரவிக் கிடப்பதுபோல, சைனஸில் உள்ள நீரும் முதுகுப் பக்கமாகப் போய்த் தேங்குகிறது. எனவே தலையைக் குறுக்காக வெட்டிய ஆக்சியல் படத்தில்தான் கோடு தெளிவாகத் தெரியும். அதில் மேல்புறம் மூக்கு, கீழ்ப்புறம் பின்தலை. முகத்தை நேரே பார்ப்பதுபோல் இருக்கும் கொரோனல் படத்தில் அதே நீர் ஏமாற்றும். முன்பக்க வெட்டில் சைனஸ் காலியாகத் தெரியும், சில மில்லிமீட்டர் பின்னால் போனால் முழுக்க அடைத்ததுபோல் தெரியும். அந்தப் பின்வெட்டு ஒன்றை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் “சைனஸ் முழுக்க மூடிப்போச்சு” என்று பார்ப்பவர் பயந்துவிடுவார். நம் இளைஞரின் ஆக்சியல் படத்தைப் பார்த்தால் வலது கன்ன சைனஸில் பாதிக்குக் கீழே நேர்க்கோடு, நீருக்குள் சில காற்றுக்குமிழ்கள். இது புதிதாக வந்த அழற்சியைக் காட்டுகிறது. ஆனால் முகத்தில் அடிபட்டவருக்கு இதே கோடு ரத்தமாக இருக்கலாம். ஸ்கேனுக்குச் சற்றுமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவியிருந்தாலும் கொஞ்சம் நீர் தங்கும். இரண்டில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஸ்கேன் எடுத்த தேதிக்கு வாருங்கள். 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. எடுத்தார்கள். 27 பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் இருந்தது. ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காமல் சுமார் இரண்டு வாரம் கழித்து 14 பேருக்கு மறுபடி எடுத்தபோது 11 பேருக்கு அது மறைந்தோ வெகுவாகக் குறைந்தோ இருந்தது. ஆறாம் நாள் படத்தில் நீர் இருப்பது ஜலதோஷத்தின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்பது இதனால் விளங்கும். பத்து நாளுக்கு மேலும் குறையாமல் இருந்தாலோ, சற்றுத் தேறிப் பின் காய்ச்சலோடு மோசமானாலோ பாக்டீரியா பற்றிய சந்தேகம் வலுக்கிறது. நாள்பட்ட சைனஸ் என்று சொல்ல 12 வாரம் தொந்தரவு நீடித்திருக்க வேண்டும். ஆபரேஷன் பேச்சுக்கு உதவும் படம் பொதுவாக மருந்து கொடுத்துப் பார்த்த பின் எடுத்த படம்தான். சளியின் உச்சத்தில் எடுத்தது அல்ல.

அடுத்தது வாய்ப்பகுதி. கன்ன சைனஸின் வாய் அதன் அடியில் இல்லை, மூக்கை ஒட்டிய சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது. சளி தானாக வழிந்து வெளியேறுவதில்லை. சவ்வில் உள்ள நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன. கொரோனல் படத்தில் கண்குழிக்குக் கீழே, மூக்கின் நடு மடலுக்குப் பக்கத்தில் மெல்லிய கறுப்புப் பாதையாக அந்த வாய் தெரியும். அந்தப் பாதை சாம்பலாகியிருந்தால் அடைப்பு. மூக்கின் மடல்கள் ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சுருங்கியும் இருப்பதை மட்டும் நோயென்று எண்ணிவிடாதீர்கள்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவை முறை மாறுவது இயல்பு.

கடைசியில்தான் தண்டு. கொஞ்சமும் வளையாத மூக்குத் தண்டு பெரியவர்களில் அரிது. கேட்க வேண்டியது, வளைந்த இடமும் அடைத்த இடமும் ஒன்றா என்பது. நம் இளைஞருக்கு வளைவு இடப்பக்கம் கீழே. நீரும் அடைப்பும் வலப்பக்கம் மேலே. இந்த நீருக்கு அந்த வளைவைக் காரணமாக்க இந்தப் படம் இடம் தரவில்லை. அதே சமயம், சளி இல்லாத நாட்களிலும் ஆண்டு முழுவதும் இடது மூக்கு அடைத்தே இருக்கிறதென்றால் வளைவுக்குத் தனியாகச் சிகிச்சை பேசலாம். அது சைனஸ் கணக்கில் சேராது.

ஒரு பக்கம் மட்டும் வரும் அடைப்பை நான் எப்போதும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸின் தரையை ஒட்டியே இருக்கிறது. வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் பல் டாக்டரிடம் போகாமல் சைனஸ் தீராது. சாம்பலுக்குள் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பூஞ்சையா என்று கேளுங்கள். சுவரின் வெள்ளைக்கோடு அரிக்கப்பட்டிருந்தால் கட்டியா என்று பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் படத்தை வைத்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் முகம் மரத்துப்போனால், மூக்கில் கறுப்புப் பொருக்கு கண்டால் இன்னும் வேகமாக.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள். சளி தொடங்கிய தேதி, ஸ்கேன் தேதி, எந்தப் பக்கம் வலி என்று எழுதுங்கள். கூடவே வேலையைப் பற்றியும் எழுதுங்கள்: வெல்டிங் புகையா, பெயின்ட் தின்னரா, கிரைண்டிங் தூசியா, எந்த முகக்கவசம், வார விடுமுறையிலும் ஊருக்குப் போன நாட்களிலும் மூக்கு திறக்கிறதா. விடுமுறையில் தெளிந்து வேலைக்குத் திரும்பியதும் அடைக்கிற மூக்குக்கு வேலையிடக் காற்றும் காரணமாகலாம். இதை எந்த சி.டி.யும் காட்டாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால், ஒப்பந்தத் தொழிலாளியானாலும், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி ஈ.என்.டி. பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம், சென்னை கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய பதிவைத் தொலைக்காமல் வைத்திருந்தால், 12 வாரம் கழித்தும் தொந்தரவு தொடர்ந்து இரண்டாவது படம் எடுக்க நேரும்போது டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, நீர் போனதா, வலது வாய்ப்பாதை திறந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்.