போனஸ்: கடைப்பேச்சும் கணக்கும்

ஆயுத பூஜை முடிந்ததுமே ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் ஹை ரோட்டு ஜவுளிக் கடைகளிலும் போனஸ் பேச்சு தொடங்கிவிடும். யாருக்கு உண்டு, எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். சொல்வதில் பாதி சட்டத்தில் இல்லாதது. சட்டத்தில் உள்ள பாதி பலருக்குத் தெரியாமலே போகிறது. அந்த அறியாமையில் பணத்தை இழப்பது எப்போதும் சம்பளம் குறைந்தவர்தான் என்பதால், அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின்படி, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான கணக்காண்டுக்கு உரியவை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் எது மாறுகிறது என்பதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

"இந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது, அதனால் போனஸ் கிடையாது."

இது தவறு. சம்பளத்தில் 8.33 சதவீதம் என்ற குறைந்தபட்ச போனஸுக்கும் லாப நஷ்டத்துக்கும் தொடர்பில்லை. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 1965-இல் சட்டம் வந்தபோது இது 4 சதவீதமாக இருந்தது. நஷ்டத்திலும் போனஸ் கொடு என்பது எப்படி நியாயம் என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1966-இல் ஜலான் டிரேடிங் வழக்கில் சட்டத்தின் வேறு சில பிரிவுகள் அடிபட்டன, குறைந்தபட்ச போனஸ் மட்டும் நிலைத்தது. பின்னர் 8.33 சதவீதமாக உயர்ந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் மறுபடி 4-க்கு இறக்கப்பட்டு, 1977-இல் பழையபடி ஏறியது.

ஒரு விலக்கு உண்டு. புதிதாகத் தொடங்கிய நிறுவனம் விற்பனையைத் தொடங்கியதிலிருந்து முதல் ஐந்து ஆண்டுகளில், லாபம் வந்த ஆண்டுக்கு மட்டும் போனஸ் கொடுத்தால் போதும். இருபது வருஷமாக நடக்கும் கடையில் புதுப் பலகை மாட்டி அதைப் புது நிறுவனம் என்று சொல்ல முடியாது.

"சின்னக் கடையோ பெரிய கடையோ, சட்டப்படி எல்லாரும் கொடுத்தாக வேண்டும்."

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. தொழிற்சாலை அல்லாத இடங்களில், கணக்காண்டின் ஏதாவது ஒரு நாளிலாவது 20 பேர் வேலை செய்திருந்தால்தான் பொதுவாகச் சட்டம் பொருந்தும். இந்த எல்லைக்கோடு உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது நம் சென்னையிலிருந்து போன வழக்கில்தான். மிளகாய், தானிய, மளிகை வியாபாரிகளிடம் வேலை பார்த்தவர்களின் சங்கம் போனஸ் கேட்டது. அந்தக் கடைகளில் 20-க்கும் குறைவான ஆட்களே இருந்தார்கள். போனஸ் சட்டம் பொருந்தாவிட்டாலும் தொழில் தகராறு சட்டத்தின் வழியாக வாங்கலாமே என்பது சங்கத்தின் வாதம். போனஸ் சட்டமே முழுமையான ஏற்பாடு, அதற்கு வெளியே வேறு கதவு வழியாக அதே போனஸைக் கேட்க முடியாது என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சங்கி ஜீவராஜ் கேவர்சந்த் வழக்கு என்று அது சட்டப் புத்தகங்களில் நிற்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1976-இல் பம்பாய் நாக்தேவிப் பகுதி இரும்புச் சாமான் கடைத் தொழிலாளர் வழக்கில், வழக்கமாகக் கொடுத்துவரும் போனஸ் வேறு, சட்டம் சொல்லும் லாபப் பங்கு போனஸ் வேறு என்று அதே நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. பல ஆண்டுகள் தவறாமல் கொடுக்கப்பட்டு வழக்கமாகவே ஆகிவிட்ட தொகையைக் கேட்பதற்குப் போனஸ் சட்டம் குறுக்கே நிற்காது. பத்துப் பேர் உள்ள கடையில் தீபாவளிதோறும் ஒரு மாதச் சம்பளம் வாங்கிவந்தவர், அதை நிரூபிக்க முடிந்தால், வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட வவுச்சரும் வங்கிப் பதிவும் அங்கேதான் உதவும்.

ஆள் எண்ணிக்கையில் இன்னொரு தவறும் நடக்கிறது. ராயப்பேட்டைக் கடையில் 9 பேர், தி.நகர்க் கிளையில் 8 பேர், அடையாற்றில் 6 பேர் என்றால் எங்குமே 20 இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கிளைகளை ஒரே நிறுவனமாகத்தான் எண்ண வேண்டும். ஒரு கிளைக்குத் தனி இருப்புநிலைக் குறிப்பும் தனி லாப நஷ்டக் கணக்கும் தயாரிக்கப்பட்டால்தான் அது தனி நிறுவனம். மூன்றுக்கும் ஒரே கணக்கு என்றால் அங்கே 23 பேர். அதேசமயம் கல்வி நிறுவனங்களுக்கும் லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

"என் சம்பளம் 26 ஆயிரம், எனக்குப் போனஸ் வராது."

போனஸ் தகுதிக்கான 21,000 ரூபாய் வரம்பு கைக்கு வரும் மொத்தச் சம்பளத்துக்கு அல்ல. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகைக்குத்தான். வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம், விற்பனைக் கமிஷன், இன்சென்டிவ் எதையும் இதில் சேர்க்கக்கூடாது. பே ஸ்லிப்பில் பேசிக்கும் டி.ஏ.வும் 18,000, மற்ற படிகள் 8,000 என்றிருந்தால் அவருக்கு போனஸ் உண்டு. ஓட்டல்களில் சம்பளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாப்பாடு போட்டால், அந்தச் சாப்பாட்டுப் படியும் சம்பளத்தின் பகுதிதான். இது பலருக்குத் தெரியாது.

புதிய சட்டத்தொகுப்பில் இந்த வரம்பை அரசு அறிவிக்கையால் நிர்ணயிக்கும். சம்பளத்தைப் படிகளாக உடைத்துக் காட்டுவதற்கும் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

"போனஸ் கணக்கு 7,000 ரூபாய்க்குத்தான்."

அதிகம் பேர் பணம் இழப்பது இந்த ஒரு வரியில்தான். சட்டம் சொல்வது 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அது. 2015-இல் கொண்டுவந்த திருத்தத்தில் இந்த இரண்டாம் பாதி சேர்ந்தது. முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் கடைகள் ஏராளம். தமிழ்நாட்டில் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, அதன் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 பேர் உள்ள உதிரிபாகக் கடையில் ஒரு விற்பனையாளர் 2024 ஜூலை 1-இல் சேர்ந்தார். மாதம் 16,500. அதில் பேசிக்கும் டி.ஏ.வும் 12,500, மீதி வாடகைப்படியும் பயணப்படியும். அவர் வேலைக்குரிய குறைந்தபட்ச ஊதியம் 11,800 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தகுதி. 12,500 என்பது 21,000-க்குள் இருக்கிறது, எனவே உண்டு. அடுத்து, கணக்குக்கு எந்தத் தொகை? 7,000-ஐவிட 11,800 அதிகம். அவருடைய சம்பளம் அதையும் தாண்டுவதால் 11,800-ஐ எடுக்க வேண்டும். ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம், மொத்தம் 1,06,200 ரூபாய். அதில் 8.33 சதவீதம் 8,846 ரூபாய்.

7,000-ஐ வைத்துப் போட்டிருந்தால் 63,000-க்கு 5,248 ரூபாய்தான் வந்திருக்கும். ஒரே ஆளுக்கு ஒன்பது மாதத்தில் 3,598 ரூபாய் வித்தியாசம். கடையில் உள்ள அத்தனை பேருக்கும் இப்படியே போட்டால் எவ்வளவு தொகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் சம்பளம் இல்லாத விடுப்பு நாட்கள் குறையும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, மகப்பேறு விடுப்பு, வேலையில் அடிபட்டு வர முடியாமல் போன நாட்கள் ஆகியவை வேலை செய்த நாட்களாகவே எண்ணப்படும்.

"ஒரு வருஷம் முடித்தால்தான் உண்டு, நடுவில் நின்றால் போச்சு."

கணக்காண்டில் 30 வேலை நாட்கள் போதும். தற்காலிகம், தினக்கூலி என்பது தடையல்ல. ராஜினாமா செய்தவருக்கும் அவர் இருந்த காலத்துக்கு உண்டு. மோசடி, வளாகத்தில் வன்முறை, திருட்டு அல்லது நாசவேலைக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்தான் போனஸை இழப்பார். புதிய தொகுப்பில் பாலியல் துன்புறுத்தலுக்காகத் தண்டனை பெற்றவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றது இதில் எதிலும் சேராது.

"எல்லாருக்கும் 20 சதவீதம் உரிமை."

இல்லை. 20 என்பது உச்சவரம்பு. பங்கிடக்கூடிய உபரி இருந்தால்தான் 8.33-க்கு மேல் ஏற வேண்டும். தமிழக அரசு நிறுவனங்களின் சி, டி பிரிவு ஊழியர்களுக்கு 20 சதவீதம் என்ற அறிவிப்பு தீபாவளிக்கு முன் செய்தித்தாளில் வருவதால் இந்த எண்ணம் பரவியிருக்கிறது. அதிலும் உபரி இல்லாத நிறுவனங்களில் 8.33 போனஸ், மீதி 11.67 கருணைத்தொகை. 16,800 ரூபாய் என்று அங்கே வரும் உச்சத்தொகை 7,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 20 சதவீதம்தான். தனியார் கடைக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது.

தீபாவளிக்குள் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் சட்டத்தில் இல்லை. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனம் நவம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். முன்கூட்டி ரொக்கமாகக் கொடுத்த பண்டிகை போனஸை அதில் கழித்துக்கொள்ளலாம்.

கணக்கில் குறை தெரிந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தொகையை அடிப்படையாக எடுத்தீர்கள் என்ற ஒரு கேள்வி போதும், 7,000-ஆ குறைந்தபட்ச ஊதியமா என்பது வெளியே வந்துவிடும். அதற்கும் பதில் இல்லையென்றால் பே ஸ்லிப், வங்கிப் பதிவு, வேலையில் சேர்ந்த தேதிக்கான சான்று ஆகியவற்றோடு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறையை அணுகலாம். பழைய சட்டத்தில் இந்தப் பணத்தை வசூலிக்க மனுப் போடும் கெடு ஓராண்டாக இருந்தது. புதிய தொகுப்பின்படி உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம்.